வியாழக்கிழமை பயிற்சி வைத்தால் யார் வருவார்கள்? வத்தல் பறிப்பும் அலுவலர் வருகையும்

சங்கச் செயலர் | ஜனவரி 27, 2026, இரவு 9.20

திருப்புல்லாணிக்கும் சாயல்குடிக்கும் நடுவே கடலோரமாக இருக்கும் சிறிய விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நான் செயலர். உறுப்பினர்கள் 126 பேர். முக்கால்வாசிப் பேர் மானாவாரியில் முண்டு மிளகாய் போடுகிறவர்கள். மற்றவர்களுக்கு நெல்லும் பனையும்.

இன்று கடிதம் வந்திருக்கிறது. மிளகாயில் அறுவடைக்குப் பின்செய் நேர்த்தி குறித்துப் பயிற்சி, பிப்ரவரி 19 வியாழன், காலை 10 மணி, 40 விவசாயிகளைத் திரட்டி வைக்கவும் என்று. எங்கள் ஊர் வத்தல் போகும் சந்தை வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கே மூடைகளை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டுவிடும். ஆண்கள் திரும்பி வர மாலை ஆகும்.

சென்ற ஆண்டும் இதே கதைதான். வியாழன் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். வந்தவர்கள் 13 பேர், அதில் நான்கு பேர் என் வீட்டார். வந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்வம் இல்லாமல் இல்லை, ஆள் இல்லை. அதை அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை தேதியை மாற்றிக் கேட்கலாமா? கேட்டால் பயிற்சியே கைநழுவிப் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

நாற்பத்தெட்டு மடை | ஜனவரி 27, இரவு 10.05

தம்பி, நாங்கள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்ப் பாசனம், நெல். எங்களுக்குச் சந்தை ஒரு பொருட்டே இல்லை, அறுவடை இயந்திரம்தான் எமன். பொங்கல் கழிந்து ஒரு நாள் பயிற்சி வைத்தோம். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு இயந்திரத் தரகர் போன் செய்து, "விடிந்தால் உங்கள் வயல் பக்கம் வருகிறோம், விட்டால் இன்னும் எட்டு நாள் ஆகும்" என்றார். எந்த விவசாயி அதை விட்டுவிட்டு விதை நேர்த்தி கேட்கப் போவான்? மறுநாள் பந்தலில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. அதனால் அறுவடை மாதத்தில் பயிற்சியே வேண்டாம் என்பது என் கட்சி. வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சும்மா இருப்பார்கள்.

செங்களம் | ஜனவரி 28, காலை 5.40

வைகாசியில் வத்தல் காயப்போடச் சொல்லிக் கொடுத்தால் எதைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள் அண்ணே? படத்தையா? நெல்லுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். வத்தலுக்குக் களத்தில் பழம் கிடக்கும்போதுதான் பாடம்.

கடைவீதி மகன் | ஜனவரி 28, காலை 8.15

என் அப்பா வத்தல் வியாபாரி, எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. செயலர் அவர்களே, இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. வேளாண்மை உதவி இயக்குநருக்கு ஒரு மனு எழுதி, வியாழன் வேண்டாம், திங்கள்கிழமை வையுங்கள் என்று கேளுங்கள். வார ஆரம்பம், சந்தைக்கு மூன்று நாள் இருக்கிறது, எல்லாரும் ஊரில் இருப்பார்கள். தேதியை மாற்றுவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

பழைய டைரி | ஜனவரி 28, காலை 11.30

தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடற்கரை வட்டாரங்களிலேயே பல ஆண்டுகள் ஓடியிருக்கிறேன். கடைவீதி மகன் சொன்னதில் பாதி சரி, பாதியைத் திருத்த வேண்டும்.

மனு கொடுப்பது சரி. ஆனால் மிளகாய்ப் பயிர் தோட்டக்கலையின் கீழ் வருகிறது, வேளாண்மையின் கீழ் அல்ல. வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுதினால் அந்தத் தாள் அங்கிருந்து தோட்டக்கலை உதவி இயக்குநர் மேசைக்கு நடந்து வருவதற்குள் பறிப்பே முடிந்துவிடும். கடிதத்தின் தலைப்பில் எந்த அலுவலகம் இருக்கிறதோ அங்கேதான் பதில் போக வேண்டும். அட்மா திட்டத்தில் வரும் பயிற்சி என்றால் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளருக்கும் ஒரு நகல். நாள் குறிப்பதில் பெரும்பாலும் அவர் கைதான் இருக்கும்.

அடுத்து, திங்கள்கிழமையைக் கேட்காதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் அன்றுதான். யாரை எப்போது அழைப்பார்கள் என்று தெரியாது. வெள்ளிக்கிழமையும் பாதி போய்விட்டது. இரண்டாவது, நான்காவது வெள்ளிகளில் அலுவலர்கள் ஊர்களுக்கே போகும் உழவரைத் தேடி முகாம் இருக்கிறது. பிப்ரவரியில் அவை 13, 27. எஞ்சுவது செவ்வாய், புதன், வியாழன். உங்களுக்கு வியாழன் வந்தது யாரோ வேண்டுமென்று செய்த காரியம் அல்ல, மிஞ்சிய நாட்களில் ஒன்று உங்களுக்கு விழுந்திருக்கிறது.

ஏன் எல்லாப் பயிற்சியும் மாசியில் வந்து குவிகிறது என்றும் கேட்பீர்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. பயிற்சிக்கு வந்த பணத்தை அதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். நம் மாவட்டத்தில் மிளகாய் பழுப்பதும் அதே மாதங்களில். இரண்டும் மோதாமல் என்ன செய்யும்? நானே என் காலத்தில் ஒரே வாரத்தில் ஐந்து ஊர்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறேன். எந்த ஊரில் என்ன பேசினேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தேதி மாற்ற முடியும். மாதப் பயணத் திட்டம் முந்தின மாதம் 25-ம் தேதி வாக்கில் எழுதிக் கொடுத்துவிடுவோம், அதனால் இது ஐந்து நிமிட வேலை இல்லை. ஆனால் பத்து நாள் முன்னதாக, எழுத்தில், மாற்றுத் தேதியோடு கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "வியாழன் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் வேலையை அவர் தலையில் போடுகிறீர்கள். எந்த நாள் வேண்டும், ஏன், எத்தனை பேர் என்று எழுதினால் அவர் செய்ய வேண்டியது கையெழுத்து மட்டும்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் ஊரில் முதல் பறிப்பு எப்போது? சந்தை நாளை விட்டுவிடுங்கள், அதைச் சொல்லுங்கள்.

சங்கச் செயலர் | ஜனவரி 28, மதியம் 1.50

ஐயா, நன்றி. இன்று காலை நான்கைந்து கொல்லைகளில் நடந்து பார்த்தேன். கீழ்ப்படுகையில் பழம் சிவந்துகொண்டு வருகிறது. பெரும்பாலானவர்கள் பிப்ரவரி 9, 10, 11-ல் முதல் பறிப்பு எடுப்பார்கள். இரண்டாவது பறிப்புக்கு இரண்டு வாரம் ஆகும். ஆழ்குழாய் வைத்திருக்கும் மூன்று பேர் மட்டும் ஏற்கெனவே ஒரு பறிப்பு முடித்துவிட்டார்கள்.

கன்று முடக்கு | ஜனவரி 28, மதியம் 2.30

அலுவலர் வரும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கொல்லையில் இலை எல்லாம் மேல்நோக்கிச் சுருண்டுவிட்டது, பூவுக்குள் கறுப்பாகச் சிறு பூச்சி ஊர்கிறது. எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்க வேண்டும். நான் முதுகுளத்தூர்.

பழைய டைரி | ஜனவரி 28, மாலை 4.10

இலைப்பேன் மாதிரி தெரிகிறது. இந்தப் பயிற்சிக்காகக் காத்திருக்காதீர்கள். சுருண்ட கொழுந்தையும் பூவையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு, நாளைக்கே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ குயவன்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பழம் பழுத்து நிற்கும் செடியில், மருந்துக்கும் பறிப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று கேட்காமல் எதையும் அடித்துவிடாதீர்கள். பூச்சிப் பயிற்சி மார்கழியிலேயே நடந்திருக்க வேண்டியது. அது தனிக் கதை.

செயலருக்கு: இப்போது கணக்குப் போடலாம். 9 முதல் 11 வரை பறிப்பு. பறித்த பழத்தை நிழலில் இரண்டு நாள் குவித்து வைத்தால் அரைப்பழமும் ஒரே நிறத்துக்கு வரும். ஆக, களத்தில் பரப்புவது 12, 13-ல். இந்த வெயிலுக்குப் பத்து நாள் காய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 22, 23 ஆகிவிடும். அதற்குப் பிறகு நிறம் வெளுத்த சண்டு வத்தலைப் பொறுக்கி, 25 புதன் மூடை போட்டு, 26 வியாழன் சந்தை. அதே வாரத்தில் இரண்டாவது பறிப்பும் ஆரம்பித்துவிடும்.

இப்போது பாருங்கள். 9-ம் தேதி வாரம் முழுக்கப் பறிப்பு, ஆள் கிடைக்காது. 23-ம் தேதி வாரம் பொறுக்கல், மூடை, சந்தை, மறுபறிப்பு, அப்போதும் ஆள் கிடைக்காது. நடுவில் 16 முதல் 20 வரைதான் மூச்சு விடும் வாரம். அந்த வாரத்தில் வத்தல் களத்தில் பாதி காய்ந்து கிடக்கும், பாடம் நடத்தவும் அதுதான் நல்ல நிலை. ஆக, அலுவலர் சொன்ன வாரம் சரியான வாரம். கிழமை மட்டும்தான் இடறுகிறது. 17 செவ்வாய் கேளுங்கள்.

கீழக்கரைக்காரன் | ஜனவரி 28, இரவு 8.00

ரமலான் பிறை 18 அல்லது 19-ல் தெரியும். செயலர் ஊரில் நம் ஆட்களும் இருப்பார்கள். நோன்பு தொடங்கிவிட்டால் மதிய வெயிலில் பந்தலில் உட்கார வைப்பது கொடுமை, சாப்பாடு போடும் பயிற்சி என்றால் சங்கடம் வேறு. அதற்கு முன்னே முடித்துவிட்டால் நல்லது.

செங்களம் | ஜனவரி 28, இரவு 9.15

15 ஞாயிறு சிவராத்திரி. எங்கள் பக்கம் பாதி ஊர் குலசாமி கோயிலுக்குப் போய் இரவு முழுக்க விழித்திருந்து 16 காலையில்தான் வீடு திரும்பும். 17 செவ்வாய் மாசி அமாவாசை. சேதுக்கரைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவார்கள், வீட்டில் இருக்கிற பெண்களுக்கு விரதச் சமையல். டைரி ஐயா ஆண்களின் நாட்காட்டியை மட்டும் பார்த்துவிட்டார் போல.

பழைய டைரி | ஜனவரி 28, இரவு 9.40

குட்டு சரியான இடத்தில் விழுந்தது. அமாவாசையை மறந்துவிட்டேன். அப்படியானால் 18 புதன்?

கடைவீதி மகன் | ஜனவரி 28, இரவு 10.10

புதன் எப்படி ஐயா? சந்தைக்கு முந்தின நாள். மூடை போடும் நாள் அதுதான். என் அப்பா புதன்கிழமை ஊர் ஊராகப் போனால் எல்லார் வீட்டு வாசலிலும் சாக்கும் கோணி ஊசியுமாகத்தான் இருக்கும்.

செங்களம் | ஜனவரி 29, காலை 5.30

எதை மூடை போடுவார்கள்? அந்தப் புதனில் பழம் களத்தில் ஈரமாகக் கிடக்கும். இப்போதுதான் டைரி ஐயாவே கணக்குப் போட்டுக் காட்டினார். 26-ம் தேதிச் சந்தைக்குத்தான் முதல் வத்தல் போகும். 19-ம் தேதிச் சந்தைக்கு ஆழ்குழாய்க்காரர்கள் மூன்று பேர் போவார்கள், மற்றவர்கள் பருப்பு, எண்ணெய் வாங்கப் போவார்கள்.

கடைவீதி மகன் | ஜனவரி 29, காலை 9.00

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. நான் வியாபாரக் கண்ணில் பார்த்தேன். எங்களுக்கு வாரா வாரம் புதன் புதன்தான்.

பனங்காடு | ஜனவரி 29, காலை 10.45

நான் சாயல்குடிப் பக்கம். மிளகாயும் உண்டு, பனையும் ஏறுகிறேன். பதநீர்க் காலம் தொடங்குகிறது. விடியலில் ஏறி இறங்கி, பதநீரைக் காய்ச்சுகிற இடத்தில் சேர்க்கவே ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். மறுபடி பாளை சீவ மாலை மூன்றரைக்கு மேல் ஏற வேண்டும். காலை பத்து மணி என்று கடிதத்தில் போட்டுவிட்டுப் பத்தரைக்கு வருகிறவனைத் தாமதம் என்பார்கள். பத்தரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்தால் என் போன்றவர்கள் வரலாம். மதியத்துக்கு மேல் இழுத்தால் எழுந்து போய்விடுவோம், மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

நாற்பத்தெட்டு மடை | ஜனவரி 29, காலை 11.20

இத்தனை சிக்கல் இருக்கிறது என்றால் மார்ச் கடைசிக்குத் தள்ளிவிடுங்களேன். நான் சொன்னதைக் கேட்பதே இல்லை.

பழைய டைரி | ஜனவரி 29, மதியம் 12.15

இந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் இருக்கிறது அண்ணே. 2021-ல் பிப்ரவரி 26 அன்றே அறிவிப்பு வந்தது. வந்த நாளிலிருந்து அலுவலர்கள் பாதிப் பேர் தேர்தல் வேலைக்குப் போய்விடுவார்கள், கூட்டம் கூட்டுவது என்றாலே ஆயிரம் கேள்வி. மார்ச்சுக்குத் தள்ளுவது, வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

செயலர் தம்பி, 18 புதன், பத்தரை முதல் ஒரு மணி வரை. கூடவே ஒரு மாற்றுத் தேதியும் கொடுங்கள். இரண்டாவது பறிப்பு காயும் வாரத்தில் ஒரு செவ்வாய், மார்ச் 3. அன்று பௌர்ணமி, ஆனால் உங்கள் ஊரில் மாசி மகத்துக்கு யாரும் வெளியூர் போவதில்லை என்றால் பரவாயில்லை. நோன்பு நாளாகவும் இருக்கும், அதனால் அது இரண்டாம்பட்சம்தான்.

சங்கச் செயலர் | ஜனவரி 29, இரவு 7.30

கடிதம் எழுதிவிட்டேன். பார்த்துத் திருத்துங்கள்.

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் சங்கத்துக்குப் பயிற்சி ஒதுக்கியதற்கு நன்றி. குறித்த பிப்ரவரி 19 வியாழன் எங்கள் பகுதிச் சந்தை நாள் என்பதால் உறுப்பினர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். எனவே பிப்ரவரி 18 புதன்கிழமை காலை 10.30 முதல் 1.00 மணி வரை பயிற்சி நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அது இயலாவிடில் மார்ச் 3 செவ்வாய், இதே நேரம். பிப்ரவரி 18 அன்று முதல் பறிப்பு மிளகாய் களத்தில் ஐந்தாறு நாள் காய்ந்த நிலையில் இருக்கும். 40 பேர் கலந்துகொள்வார்கள். இடம் சங்கக் கட்டடத்தை ஒட்டிய களம். ஈரப்பதம் அளக்கும் கருவி கொண்டுவர இயலுமா என்றும் தெரிவிக்க வேண்டுகிறோம்."

பழைய டைரி | ஜனவரி 29, இரவு 8.45

நல்ல கடிதம். ஒரு இடம் மட்டும் இடிக்கிறது. "40 பேர் கலந்துகொள்வார்கள்" என்று உறுதி கொடுக்காதீர்கள். 40 பேரின் பெயர்ப் பட்டியலை இணையுங்கள். வராதவர் பெயர் உங்கள் தலையில் விழாது, பட்டியலில் இருப்பவரும் "என் பெயர் போயிருக்கிறது" என்று வந்து நிற்பார். இதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். தபாலில் மட்டும் போடாமல் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

செங்களம் | ஜனவரி 29, இரவு 9.30

பட்டியலில் யார் பெயர்? உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் நாற்பதும் ஆண்கள் பெயராக இருக்கும். வத்தலைக் காயவைப்பது யார்? காலையில் களத்தில் பரப்புவதும், பத்து மணிக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை காலால் அளைந்து புரட்டிவிடுவதும், சாயங்காலம் கடல் காற்று ஈரமாகத் திரும்புவதற்குள் கூட்டிக் குவித்து மூடுவதும் நாங்கள். விலை பேசப் போகிறவர் பயிற்சிக்கு வந்து தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

போன ஆண்டு எங்கள் ஊரில் ஒரு பயிற்சியில் தரையில் போடாதீர்கள், தார்ப்பாயில் போடுங்கள் என்று சொன்னார்களாம். எனக்கு அது பங்குனியில், கல்யாண வீட்டில், வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் மூன்று பறிப்பு மணலோடு போய்விட்டது. வியாபாரி மண் கழிவு என்று மூடைக்கு இரண்டு கிலோ பிடித்தார்.

சங்கச் செயலர் | ஜனவரி 29, இரவு 10.00

அக்கா, உறுப்பினர் அல்லாதவர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று தெரியவில்லையே.

பழைய டைரி | ஜனவரி 29, இரவு 10.20

பயிற்சி விவசாயிகளுக்கு, சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் என்று கடிதத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் பெண்கள் தாராளமாகப் போடலாம். சிலர் நிலப் பட்டா விவரமும் ஆதார் எண்ணும் கேட்பார்கள், பட்டா கணவர் பெயரில் இருக்கும், அங்கேதான் பிடி விழும். முன்கூட்டியே அந்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இது இடத்துக்கு இடம் மாறும், நான் உறுதி சொல்ல முடியாது.

கடைவீதி மகன் | ஜனவரி 30, காலை 8.30

ஒரு விஷயம் கேட்கிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. பயிற்சியில் எப்போதும் "தண்ணீர் தெளித்து மூடை போடாதீர்கள்" என்கிறார்கள். நன்றாகக் காய்ந்த முண்டை அப்படியே சாக்கில் அடைத்தால் நொறுங்கி விதை கொட்டிவிடும். கொட்டினால் நாங்களே விலை குறைக்கிறோம். விவசாயி என்ன செய்வார்? லேசாகத் தெளிக்கத்தான் செய்வார்.

செங்களம் | ஜனவரி 30, காலை 9.10

தெளிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில், பனி இருக்கும்போது மூடை போட்டால் வத்தல் தானாகவே கொஞ்சம் பதமாக இருக்கும், நொறுங்காது. என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். உச்சி வெயிலில் மூடை போட்டால்தான் அப்பளம் மாதிரி உடையும்.

பழைய டைரி | ஜனவரி 30, காலை 10.40

தெளித்த தண்ணீர் சாக்கின் நடுவில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், வியாபாரி கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்தால் காம்படியில் வெள்ளை படர்ந்திருப்பது தெரியும். அப்பளக் கணக்கில் செங்களத்துக்கு என் ஓட்டு. ஆனால் கடலை ஒட்டிய ஊரில் விடியற்காலை ஈரம் எவ்வளவு ஏறும் என்பதை அளந்து பார்க்காமல் முழுமனதாகச் சொல்ல மாட்டேன். பத்து, பதினொரு சதவீத ஈரத்துக்குள் இருந்தால்தான் வத்தல் நாள்படத் தாங்கும். கருவி வந்தால் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

செங்களம் | ஜனவரி 30, காலை 11.00

கருவி வராவிட்டால் என் வழி இருக்கிறது. ஒரு வத்தலைக் காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலவென்று ஓட வேண்டும். ஓடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு நாள். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடியை வெள்ளைப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைப்பேன். சிறிது நேரத்தில் பையின் உள்ளே வியர்த்தால் காயவில்லை.

ஆனால் டைரி ஐயா இரண்டு நாள் குவித்து வைக்கச் சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. நம் கடற்காற்றில் இரண்டு நாள் குவித்தால் அடியில் சூடேறி நீர் விடுகிறது. நான் ஒரு ராத்திரிக்கு மேல் வைப்பதில்லை.

பழைய டைரி | ஜனவரி 30, காலை 11.25

பழத்தை உடனே வெயிலில் போட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அதற்காகத்தான் குவிப்பது. குவியலின் உயரம் முழங்காலுக்கு மேல் போகாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சூடேறாது.

செங்களம் | ஜனவரி 30, காலை 11.40

காற்றோட்டமான இடம் என்று நீங்கள் சொல்வது எங்கள் வீட்டில் தாழ்வாரம். அங்கே ஆடு இருக்கிறது.

கீழக்கரைக்காரன் | ஜனவரி 30, மதியம் 12.05

மழை வந்தால் என்ன செய்வது? மாசியில் ஒரு தூறல் போடாமல் போனதாக எனக்கு நினைவில்லை.

பழைய டைரி | ஜனவரி 30, மதியம் 12.50

ரத்து செய்யாதீர்கள் என்பேன். நனைந்த வத்தலைக் காப்பாற்றுவது எப்படி என்பதை மழை நாளில் காட்டினால் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

பனங்காடு | ஜனவரி 30, மாலை 5.10

மழை தூறினால் எல்லாரும் அவரவர் களத்துக்கு ஓடித் தார்ப்பாய் மூடுவார்கள் ஐயா. உங்கள் பந்தலில் யார் உட்காருவார்கள்?

சங்கச் செயலர் | பிப்ரவரி 4, மாலை 6.20

கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அலுவலர் கடுகடுப்பாகத்தான் வாங்கினார். பிறகு பட்டியலைப் பார்த்து, "பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்றார். அங்கேயே டைரியை எடுத்து 19-ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதினார். 19-ல் வேறு ஒரு ஊருக்கு அவரை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்களாம், அவருக்கும் வசதியாகப் போய்விட்டது. பட்டியலில் 22 பெண்கள். பட்டா பற்றிக் கேட்டேன், ஆதார் போதும் என்றார். கருவி பற்றி "பார்க்கலாம்" என்றார்.

மூன்று நிலையிலும் வத்தல் வேண்டும் என்று தோன்றியது. ஆழ்குழாய்க்காரர் ஒருவர் முழுதாகக் காய்ந்த வத்தல் அரை மூடை தருகிறேன் என்றார். பாதிக் காய்ந்தது எல்லார் களத்திலும் இருக்கும். புதிதாகப் பறித்த பழத்துக்கு, பறிப்புத் தாமதமான ஒருவரிடம் 17 மாலை இரண்டு கூடை கேட்டு வைத்திருக்கிறேன்.

சங்கச் செயலர் | பிப்ரவரி 18, இரவு 8.40

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மழை இல்லை. பட்டியலில் இருந்த 40 பேரில் 34 பேர் வந்தார்கள், பெண்கள் 19. பனையேறிகள் ஐந்து பேர் பத்தேமுக்காலுக்கு வந்து, பன்னிரண்டரைக்கு எழுந்து போனார்கள். அலுவலர் ஒன்றும் சொல்லவில்லை. முதல் அரை மணி நேரம் திட்டங்களைப் பற்றியே பேசினார், பாதிப் பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு களத்துக்கு இறங்கினோம், அதன் பிறகு யாரும் நகரவில்லை.

ஈரம் அளக்கும் கருவி வந்தது. ஆழ்குழாய்க்காரர் கொடுத்த அரை மூடையில்தான் அலுவலர் முதலில் வைத்தார். எல்லாரும் அதை முழுதாகக் காய்ந்தது என்றுதான் நினைத்தோம். காதருகே ஆட்டினால் விதையும் ஓடியது. கருவி 14 காட்டியது. ஆழ்குழாய்க்காரர் மறுபடி வேறு இடத்தில் கை விட்டு எடுத்துக் கொடுத்தார், 13.5. கூட்டத்தில் ஒரு பெரிய சிரிப்பு. மனிதர் முகம் சுருங்கிவிட்டது. நாளைச் சந்தைக்கு அதே வத்தலில் நான்கு மூடை கட்டி வைத்திருந்தாராம்.

குவித்து வைப்பது ஒரு நாளா, இரண்டு நாளா என்று கேட்டேன். பழத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

செங்களம் | பிப்ரவரி 18, இரவு 9.05

விதை ஓடியும் 14 என்றால் என் காதையும் நம்ப முடியாது போலிருக்கிறது. பாலித்தீன் பையில் கட்டிப் பார்த்தீர்களா?

சங்கச் செயலர் | பிப்ரவரி 18, இரவு 9.20

கட்டினோம் அக்கா. வியர்த்தது. நான்கு மூடையையும் பிரித்து மதியமே களத்தில் கொட்டிவிட்டார். நாளைச் சந்தைக்கு அவர் போகவில்லை.